புதிய குடிநீர்ப் பிரதானக் குழாயை அலசுதல்: தேவையான வேகம், கணக்கு, செய்முறை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பார்த்த முதல் குழாய் அலசல் இது. 200 மி.மீ. குழாய், ஏறக்குறைய 800 மீட்டர் நீளம். கடைசி முனையில் ஏர் வால்வுக்காக வைத்திருந்த 25 மி.மீ. வாயைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் இரண்டு மாடி உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. அரை மணி நேரம் ஓடியது, தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்தது, எல்லோருக்கும் திருப்தி. இரண்டு வாரம் கழித்துப் பாதையை இயக்கத்துக்கு விட்டபோது நடுவிலிருந்த கேட் வால்வு முழுதாக மூடவில்லை. கழற்றிப் பார்த்தால் அடியில் மணலும் ஜல்லியும் கெட்டியாக உட்கார்ந்திருந்தன.

காரணம் சாதாரணக் கணக்குதான். 15 மீட்டர் அழுத்தத்தில் 25 மி.மீ. வாய் வழியாக வினாடிக்கு சுமார் 6 லிட்டர் வெளியேறும். அதே 6 லிட்டர் 200 மி.மீ. குழாய்க்குள் நகரும் வேகம் வினாடிக்கு 0.19 மீட்டர். வாயில் சீறிய தண்ணீர் உள்ளே நத்தை வேகத்தில் ஊர்ந்திருக்கிறது. மண்ணை நகர்த்துவது வாயில் தெரியும் வேகம் இல்லை, குழாய்க்குள் இருக்கும் வேகம். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்: உள்ளே தேவையான வேகத்தை எப்படி உண்டாக்குவது, அது உண்டானதை எப்படி உறுதி செய்வது.

எவ்வளவு வேகம் வேண்டும்

அமெரிக்க நீர்ப்பணிகள் சங்கத்தின் சி651 தரநிலை, குளோரின் போடுவதற்கு முந்தைய அலசலுக்கு வினாடிக்குக் குறைந்தது 3 அடி கேட்கிறது. அதாவது 0.9 மீட்டர். பழைய பதிப்புகளில் இது 2.5 அடியாக, சுமார் 0.76 மீட்டராக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய குழாய்களில் படிந்த படிவுகளை ஒரு திசையில் அலசி எடுக்கும் வேலைக்கு வினாடிக்கு 1.5 மீட்டரும் அதற்கு மேலும் வைப்பார்கள்.

0.9 மீட்டர் என்பது குறைந்தபட்சம். அந்த வேகத்தில் வண்டலும் நுண்மணலும் நன்றாக நகரும், பருமணல் குழாயின் அடியில் உருண்டு போகும். நீர் குழாய்ச் சுவரில் உரசும் விசை, வேகத்தின் இருமடியை ஒட்டி மாறும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மண்ணைத் தள்ளும் விசை கால்பங்காகிவிடும். அதனால் 0.45 மீட்டரில் இரண்டு மடங்கு நேரம் ஓடவிட்டு ஈடுகட்டலாம் என்று நினைக்கக் கூடாது. நகராத கல், நாள் முழுக்க ஓடவிட்டாலும் நகராது.

பெரிய கல்லுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சமதளத்தில் உருண்டு வரும் கல், குழாய் மேலே ஏறும் இடத்தில் நின்றுவிடும். 10 மி.மீ. கூழாங்கல் அசையாத நீரில் வினாடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேகமாக விழும். 30 மி.மீ. கல்லுக்கு அது ஒரு மீட்டரை நெருங்கும் அல்லது தாண்டும். செங்குத்தாக ஏறும் குழாயில் நீரின் வேகம் அதைவிட அதிகமாக இருந்தால்தான் கல் மேலே வரும். எனவே பாதையில் ஏற்றம் இருந்தால் 0.9 என்ற எண்ணோடு திருப்திப்படாமல், கிடைக்கும் அழுத்தம் எவ்வளவு தருகிறதோ அவ்வளவையும் எடுங்கள்.

செங்கல் துண்டு, மரக்கட்டை, மறந்துபோன கையுறை போன்றவை அலசலில் வெளியே வரும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு குழாயையும் இறக்கும் முன் உள்ளே பார்ப்பதும், மாலையில் வேலையை நிறுத்தும்போது திறந்த முனையை இறுக்கமாக மூடுவதும்தான் அவற்றுக்கு வழி. அலசல் அந்தக் கவனத்துக்கு மாற்று இல்லை என்பதைத் தரநிலையே சொல்கிறது.

முதலில் காகிதத்தில் கணக்கு

மேலே சொன்ன குழாயையே எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 200 மி.மீ., நீளம் 800 மீட்டர், ஏறக்குறைய சமதளம். தண்ணீர் ஏற்கனவே ஓடும் ஒரு பிரதானக் குழாயிலிருந்து வருகிறது. தேவையான அளவு நீர் ஓடும்போதும் அந்த இணைப்பில் 15 மீட்டர் அழுத்தம் நிற்கிறது என்று கொள்வோம். நீர் ஓடாதபோது கேஜ் காட்டும் அழுத்தத்தை இங்கே எடுக்கக் கூடாது. வால்வைத் திறந்ததும் அது இறங்கிவிடும்.

```
பரப்பு    A = 0.785 × 0.2 × 0.2  = 0.0314 ச.மீ.
ஓட்டம்    Q = A × V = 0.0314 × 0.9 = 0.0283 க.மீ./வி = 28.3 லி/வி
கொள்ளளவு = 0.0314 × 800 = 25.1 க.மீ.
ஒரு முறை மாற நேரம் = 800 / 0.9 = 889 வி ≈ 15 நிமிடம்
```

நீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வர 15 நிமிடம் ஆகும். ஆனால் அடியில் உருளும் மணல் நீரோடு சம வேகத்தில் வராது. அது நீரின் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டால், தொடக்க முனையில் கிடக்கும் மணல் வெளியே வர 45 நிமிடம் வேண்டும். குழாயின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரை வெளியேற்ற வேண்டும் என்று களத்தில் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று மூடினால், முதல் பாதியின் மணல் இன்னும் வழியில்தான் இருக்கும்.

45 நிமிடத்துக்கு 28.3 லிட்டர் வீதம் 76 கன மீட்டர், அதாவது 76 ஆயிரம் லிட்டர். இந்தத் தண்ணீரை மேலே இருக்கும் தொட்டி தருமா, அக்கம்பக்கத்து விநியோகம் தாங்குமா என்று முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் தேவை குறைந்த இரவு நேரம்தான் பொருந்தும். இன்னொன்றும் உண்டு. வழக்கத்தைவிட அதிக நீரை இழுக்கும்போது பழைய குழாயின் படிவு கிளம்பிப் பழுப்பு நீராகப் புதிய குழாய்க்குள் வரக்கூடும். அதைப் புதிய குழாயின் அழுக்கு என்று நினைத்து மணிக்கணக்காக ஓட்டியவர்கள் உண்டு. உள்ளே வரும் நீரின் மாதிரியையும் தனியாக எடுக்க ஒரு சிறு குழாய் வாய் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியேற்றும் வாய்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது

28.3 லிட்டர் வெளியே போக எவ்வளவு பெரிய வாய் வேண்டும்? மூன்று இடங்களில் அழுத்தம் செலவாகிறது: 800 மீட்டர் குழாயின் உராய்வில், வெளியேற்றும் வால்வும் வளைவுகளும் சேர்ந்த பகுதியில், நீரைத் தரைமட்டத்துக்கு மேலே ஏற்றுவதில். ஹேசன்-வில்லியம்ஸ் முறைப்படி, சி மதிப்பு 140 என்று கொண்டால், 0.9 மீட்டர் வேகத்தில் குழாய் உராய்வுக்கு 3.1 மீட்டர் போகிறது. ஏற்றத்துக்கு 1.5 மீட்டர். மீதி முழுக்க வாயின் அளவைப் பொறுத்தது.

வாய் 100 மி.மீ. என்றால் அதில் வேகம் வினாடிக்கு 3.6 மீட்டர். வால்வும் இரண்டு வளைவும் சேர்த்து இழப்பு சுமார் 3 மீட்டர். மொத்தம் 7.6 மீட்டர் போதும், நம்மிடம் 15 இருக்கிறது. வால்வை முழுதாகத் திறந்தால் குழாய்க்குள் 1.3 மீட்டர் வேகம்வரை கிடைக்கும்.

வாய் 80 மி.மீ. என்றால் அந்தப் பகுதியில் மட்டும் 7 மீட்டருக்கு மேல் போகும். மொத்தம் 12 மீட்டர். 0.9 எட்டிவிடும், ஆனால் கையில் மிச்சம் அதிகம் இருக்காது.

வாய் 50 மி.மீ. என்றால் 15 மீட்டரையும் செலவழித்தாலும் வினாடிக்கு 15 லிட்டர்தான் வரும், குழாய்க்குள் அரை மீட்டருக்கும் குறைவான வேகம். பார்க்கப் பிரமாதமாகப் பீய்ச்சும், ஆனால் வேலை நடக்காது.

ஆகவே வெளியேற்றும் வாய் பிரதானக் குழாயின் விட்டத்தில் பாதியாவது இருக்கட்டும் என்பது நல்ல கைக்கணக்கு. தீயணைப்பு ஹோஸை மாட்டி நீட்டுவதாக இருந்தால் அந்த ஹோஸின் உராய்வையும் கூட்ட வேண்டும். 65 மி.மீ. ஹோஸ் முப்பது மீட்டர் நீண்டால் கணக்கு முழுக்கக் கலைந்துவிடும்.

வாயின் அளவு மட்டுமல்ல, அது எங்கிருந்து பிரிகிறது என்பதும் முக்கியம். குழாயின் மேற்புறத்திலிருந்து செங்குத்தாக எழும் டீ வழியாக வெளியேற்றினால், அடியில் உருண்டு வரும் கல் டீயைத் தாண்டி முனை மூடிக்குள் போய்த் தங்கிவிடும். டீயின் அந்தப் பக்கத்தில் நீர் ஓடுவதே இல்லை. முனையை மூடும் ஃபிளேஞ்சில், குழாயின் அடிமட்டத்தோடு ஒட்டினாற்போல் வாய் வைத்து, அங்கிருந்து 100 மி.மீ. குழாயை வளைத்து மேலே கொண்டுவருவதே சரி. அந்த ஏறும் பகுதியில் நீர் வினாடிக்கு 3.6 மீட்டர் வேகத்தில் போவதால் 30 மி.மீ. கல்லையும் தூக்கிக்கொண்டு வரும். ஏறும் குழாயையும் 200 மி.மீ. ஆகவே வைத்தால் அங்கே 0.9 தான் இருக்கும், அந்தக் கல் அடியிலேயே ஆடிக்கொண்டிருக்கும். பாதையின் தாழ்ந்த இடத்தில் ஸ்கவர் வால்வு இருந்தால் அதன் கிளையும் குழாயின் அடிமட்டத்திலிருந்தே பிரிகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள்.

திறப்பதற்கு முன்

பிரஷர் டெஸ்டுக்கு முன்னால் அலசுவதையே நான் விரும்புவேன். டெஸ்டுக்காக வால்வுகளை இறுக்கி மூடும்போது மண் இருந்தால், அது இருக்கைக்கும் தட்டுக்கும் நடுவில் நசுங்கி ரப்பரைக் கிழிக்கும். டெஸ்ட் கசிந்தால் இணைப்பு கசிகிறதா, வால்வு கசிகிறதா என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.

பாதையிலுள்ள கேட் வால்வுகளை எல்லாம் முழுதாகத் திறந்து, எத்தனை சுற்று என்று எழுதிவையுங்கள். பாதி திறந்த வால்வின் பின்னால் மண் குவியும். மீட்டர், அழுத்தம் குறைக்கும் வால்வு, வடிகட்டி இவற்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதே நீளத்துக்கு வெறும் குழாய்த் துண்டு மாட்டிவிடுங்கள். வீட்டு இணைப்புகள் ஏற்கனவே கொடுத்திருந்தால் ஒவ்வொன்றும் மூடியிருக்க வேண்டும். 15 மி.மீ. வாயில் ஒரு மணல் சிட்டிகை போனாலே போதும், அந்த வீட்டு மீட்டர் நின்றுவிடும்.

பழைய குழாயோடு இருக்கும் இணைப்பில் நீர் ஒரே திசையில்தான் போக வேண்டும். புதிய குழாயில் இருப்பது இன்னும் குடிநீர் இல்லை. நிரப்பும் இணைப்பில் பின்னோட்டத் தடுப்புக் கருவி வையுங்கள். அது இந்த ஓட்டத்தைத் தாங்கும் அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் நிரப்புவதற்கென்று மாட்டும் சிறிய தற்காலிக இணைப்பு பெரும்பாலும் அலசலுக்குப் போதாது. பிரதான வால்வு வழியாகவே அலச வேண்டியிருந்தால், விநியோகப் பொறுப்பாளரின் அனுமதியோடு, வால்வருகே ஒருவர் நின்றபடி, பழைய குழாயின் அழுத்தம் எந்த நேரமும் புதியதைவிட அதிகமாக இருக்கும்படி செய்ய வேண்டும். அலசல் முடிந்ததும் வால்வை மூடி, அந்த இணைப்பைப் பிரித்துவிட வேண்டும்.

முனை மூடிக்குத் தாங்கல் கொடுக்காமல் திறக்காதீர்கள். 15 மீட்டர் அழுத்தத்திலேயே 200 மி.மீ. மூடியை சுமார் அரை டன் விசை தள்ளும். வெளியேற்றும் குழாயின் வளைவும் உதைக்கும். 1.3 மீட்டர் வேகத்தில் அது இருபது கிலோவுக்கு மேல். கயிற்றால் கட்டிவைத்த வளைவு திரும்பி ஆளை அடித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் கட்டையோ கான்கிரீட் பாளமோ கொடுத்து நன்றாக இறுக்குங்கள்.

வினாடிக்கு 28 லிட்டர் விழும் இடத்தில் மண் அரித்துப் பள்ளமாகும். ஜல்லி அல்லது பலகை போட்டு, வடிகால் அந்த அளவைக் கொண்டுபோகுமா என்று கீழே நடந்து போய்ப் பாருங்கள். மூடாத அகழிக்குள் நீர் திரும்பிவிட்டால், மண் மூடாத குழாய் மிதந்து எழும். நீர் ஓடைக்கோ குளத்துக்கோ போவதாக இருந்தால், விநியோக நீரிலுள்ள குளோரினே மீனைக் கொல்லும். சோடியம் தயோசல்பேட் போன்ற ஒன்றால் அதை முறித்த பிறகுதான் விட வேண்டும்.

நிரப்புதல்

அலசலின் வேகத்தோடு காலிக் குழாயை நிரப்பவே கூடாது. மேட்டுப் பகுதிகளில் சிக்கும் காற்று நீரின் வழியை அடைத்து ஓட்டத்தைக் குறைக்கும். அப்புறம் திடீரென்று வெளியேறி அடியாக அடிக்கும். வினாடிக்கு 0.3 மீட்டருக்கு மிகாமல் நிரப்புங்கள். நம் குழாய்க்கு அது 9.4 லிட்டர், 45 நிமிடம் ஆகும். மேட்டிலுள்ள காற்று வாய்கள் எல்லாம் திறந்திருக்கட்டும். ஒவ்வொன்றிலும் காற்றுக் குமிழி இல்லாமல் நீர் ஒரே சீராக வந்தபிறகு மூடுங்கள். வெளியேற்றும் வால்வையும் சற்றுத் திறந்தே வைத்திருக்கலாம். நிரம்பியதும் அழுத்தம் ஏறுகிறதா, ஏதாவது இணைப்பு சொட்டுகிறதா என்று பாதை நெடுக நடந்து பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

அலசுதலும் அளவெடுத்தலும்

இப்போது நிரப்பும் பக்க வால்வை முழுதாகத் திறந்துவிட்டு, வெளியேற்றும் வால்வை மெதுவாக, ஓரிரு நிமிடம் எடுத்துத் திறங்கள். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் இடம் இந்த வெளியேற்றும் வால்வுதான். நுழைவு வால்வைப் பாதி மூடி ஓட்டத்தைக் குறைத்தால், குழாயின் மேட்டுப் பகுதிகளில் அழுத்தம் சுழியத்துக்கும் கீழே போய், இணைப்புகள் வழியே அகழி நீரை உறிஞ்சிவிடலாம்.

வேகத்தை எப்படி அளப்பது? ஓட்டமானி இருந்தால் நல்லது. பல இடங்களில் அது இருக்காது. 200 லிட்டர் டிரம் இந்த ஓட்டத்தில் 7 வினாடியில் நிறைந்துவிடும். பாதி நீர் வெளியே தெறிக்கும், கணக்கு சரியாக வராது. நான் பயன்படுத்துவது நீர் விழும் வளைவை அளக்கும் முறை. வெளியேற்றும் குழாயின் கடைசிப் பகுதி சரியான கிடைமட்டமாக, விட்டத்தைப்போல் ஆறு மடங்காவது நேராக, முழுதும் நிறைந்து ஓட வேண்டும். 100 மி.மீ. குழாய் என்றால் 60 செ.மீ. நேர்த்துண்டு. முனை தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலாவது இருக்கட்டும்.

ஒரு அளவுகோலைக் குழாயின் மேற்புறத்தோடு கிடையாகப் பிடித்து வெளியே நீட்டுங்கள். நீர்த்தாரையின் மேற்பரப்பு அந்தக் கோட்டிலிருந்து 30 செ.மீ. கீழே இறங்கும் இடம், குழாய் வாயிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். 30 செ.மீ. விழ நீருக்கு 0.247 வினாடி ஆகும். தள்ளியிருக்கும் தூரத்தை அதனால் வகுத்தால் வாயில் வேகம் கிடைக்கும். வாய் பிரதானக் குழாயின் பாதி விட்டம் என்றால் பரப்பு நான்கில் ஒரு பங்கு, எனவே அந்த வேகத்தை நான்கால் வகுக்க வேண்டும்.

```
V(குழாய்) = (x / 0.247) / 4 ≈ 1.01 × x
```

இதில் ஒரு வசதி தற்செயலாக அமைகிறது. வாய் சரியாகப் பாதி விட்டமாக இருந்தால், எத்தனை மீட்டர் தள்ளி விழுகிறதோ அதுவே ஏறத்தாழ குழாய்க்குள் இருக்கும் வேகம். 90 செ.மீ. என்றால் வினாடிக்கு 0.9 மீட்டர். 300 மி.மீ. குழாய்க்கு 150 மி.மீ. வாய் வைத்தாலும் இதே கணக்குதான். ஒரு குச்சியில் 30 செ.மீ. தொங்கலும் 90 செ.மீ. நீட்டமும் ஆணியடித்துச் செய்து வைத்துக்கொண்டால் போதும், இருட்டிலும் டார்ச் வெளிச்சத்தில் அளக்கலாம். ஐந்தாறு சதவீதம் பிசகலாம், அது இந்த வேலைக்குப் பரவாயில்லை. தாரை வாயை முழுதாக நிரப்பாமல் மேலே காற்று தெரிந்தால் மட்டும் இந்த அளவு செல்லாது.

அளவு 60 செ.மீ. தான் வருகிறது என்றால் உடனே நேரத்தை ஓட்டாமல் காரணத்தைத் தேடுங்கள். நுழைவில் அழுத்தம் இறங்கியிருந்தால் தண்ணீர் வரத்து போதவில்லை. நுழைவில் அழுத்தம் நன்றாக இருந்து, முனையில் குறைந்திருந்தால் நடுவில் ஏதோ ஒரு வால்வு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது காற்று சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே ஒரு அடைப்பு. இரண்டு முனையிலும் அழுத்தம் நன்றாகவே இருந்தால் வாய்தான் சிறியது.

நம் பாதையில் 300-வது மீட்டரில் 100 மி.மீ. கிளை ஒன்று பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளை வால்வை மூடிவைத்து முதலில் பிரதானக் குழாயை முடிக்க வேண்டும். அப்புறம் முனையை மூடிவிட்டுக் கிளையைத் திறக்க வேண்டும். கிளைக்கு 7 லிட்டர் போதும். அந்த நேரத்தில் பிரதானக் குழாயில் 0.23 மீட்டர் வேகம்தான் இருக்கும், அது ஏற்கனவே சுத்தமாகிவிட்டதால் கவலையில்லை. வரிசையை மாற்றினாலோ இரண்டையும் ஒன்றாகத் திறந்தாலோ பிரதானக் குழாயின் அழுக்கு கிளைக்குள் புகும், வேகமும் இரண்டாகப் பிரிந்துபோகும்.

எப்போது நிறுத்துவது

நீர் தெளிந்ததும் நிறுத்திவிடலாம் என்பதுதான் அதிகம் ஏமாற்றும் எண்ணம். நிறத்தைத் தருவது வண்டல். அது நீரோடு சேர்ந்து முதலிலேயே போய்விடும். மணல் நீருக்கு நிறம் தராது. அதனால் வாயின் கீழே ஒரு வலைப்பையோ நுண்கண்ணி வலையோ பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்க்க வேண்டும். வலையில் வருவது பல விஷயம் சொல்லும். பிளாஸ்டிக் சீவல் வந்தால் வெட்டிய முனைகளைச் சுத்தம் செய்யவில்லை. சிமென்ட் பூச்சுத் துணுக்குகள் தொடர்ந்து வந்தால் எங்கோ ஒரு குழாயின் உட்பூச்சு அடிபட்டிருக்கிறது, அதை அலசிச் சரிசெய்ய முடியாது. களிமண் உருண்டையும் வேர்த்துண்டும் வந்தால் ஒரு முனை இரவில் திறந்து கிடந்திருக்கிறது. ரப்பர் துணுக்கு வந்தால் பிரஷர் டெஸ்டில் ஒரு இணைப்பு கசியும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம்.

கூடவே ஒரு கண்ணாடி ஜாடியில் நீர் பிடித்துப் பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். அடியில் ஒரு வளையம்போல் மண் தெரிந்தால் இன்னும் முடியவில்லை. கலங்கல்மானி இருந்தால் உள்ளே வரும் நீரையும் வெளியே வரும் நீரையும் சேர்த்து அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். குளோரின் நன்றாக வேலை செய்ய 1 என்.டி.யு.வுக்குக் கீழே இருப்பது நல்லது.

45 நிமிடம் ஓடி, வலை காலியாக வந்து, ஜாடியும் தெளிவாக இருந்தாலும் ஒரு கடைசிச் சோதனை செய்கிறேன். வால்வை மெதுவாகப் பாதி மூடி ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி முழுதாகத் திறப்பேன். வேகம் ஏறும்போது முதலில் வரும் நீரில் மறுபடி மணல் தெரிந்தால், எங்கோ ஒரு தாழ்வில் குவியல் நகர்ந்து நகர்ந்து நின்றுகொண்டிருக்கிறது. இன்னும் ஒரு கொள்ளளவு, அதாவது பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி அதே சோதனை.

மூடும்போதும் அவசரம் கூடாது. 0.9 மீட்டரில் ஓடும் நீரை இரும்புக் குழாயில் ஒன்றரை வினாடிக்குள் நிறுத்தினால் அழுத்தம் சுமார் 100 மீட்டர் எகிறும். பிவிசி குழாயில் அதில் பாதிக்கும் குறைவு, ஆனாலும் புதிய இணைப்புகளுக்கு அது பெரிய அடி. கேட் வால்வில் கடைசிச் சில சுற்றுகளில்தான் நீர் உண்மையில் நிற்கிறது. முதல் சுற்றுகளை வேகமாகச் சுற்றினாலும் கடைசிச் சுற்றுகளை நிமிடக்கணக்கில் எடுத்து முடியுங்கள்.

தண்ணீர் போதாத இடத்தில்

600 மி.மீ. குழாயில் 0.9 மீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 254 லிட்டர், நிமிடத்துக்கு 15 கன மீட்டர். இதைத் தரவும் வடியவைக்கவும் பெரும்பாலான இடங்களில் முடியாது. 600 மி.மீ.க்கும் அதற்கு மேற்பட்ட குழாய்களுக்கும் உள்ளே போய்த் துடைத்தெடுத்தலை மாற்று வழியாகத் தரநிலை ஏற்கிறது. அதற்கு உள்ளே நுழையும் ஆளுக்குக் காற்றோட்டமும் வெளியே காவலும் வேண்டும்.

நடுத்தர அளவுகளுக்கு நுரைப்பஞ்சு உருளை ஓட்டுவது நல்ல வழி. குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றுப் பெரிய மென்மையான உருளையை நுழைவில் வைத்து நீரால் தள்ளினால், அது முன்னாலிருக்கும் மண்ணை வாரிக்கொண்டு போகும். அரை மீட்டர் வேகமே போதும், தண்ணீரும் ஏறக்குறைய ஒரு கொள்ளளவுதான் செலவாகும். ஆனால் வெளியே வரும் முனை முழு விட்டத்துக்குத் திறந்திருக்க வேண்டும். வழியில் பட்டர்ஃபிளை வால்வு இருந்தால் அதன் தட்டில் உருளை சிக்கிக்கொள்ளும், எனவே அதைக் கழற்றியாக வேண்டும். எத்தனை உருளை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று எண்ணுங்கள். கிழிந்து வந்தால் துண்டுகளைச் சேர்த்துவைத்து முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தங்கிய ஒரு துண்டு பிற்பாடு ஒரு வால்வைத் தேடிப்போய் அடைக்கும்.

ஒரு விதிவிலக்கு: குழாய் பதிக்கும்போதே உள்ளே குளோரின் மாத்திரை ஒட்டும் முறையில் முன்னலசல் கிடையாது, ஏனெனில் அது மாத்திரைகளை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த முறையைத் தேர்ந்தால் குழாய் முழுக்க உலர்வாகவும் சுத்தமாகவும் பதித்திருக்க வேண்டும். மண் புகுந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே அந்த முறை வேண்டாம்.

அலசிய பிறகு

பிரஷர் டெஸ்ட் முடிந்ததும் குளோரின். தொடர்ந்து செலுத்தும் முறையில் லிட்டருக்கு 25 மில்லிகிராம் அளவில் நிரப்பி 24 மணி நேரம் விட்டு, முடிவில் எல்லா இடத்திலும் 10 மில்லிகிராமாவது மிச்சமிருக்க வேண்டும். நன்றாக அலசாத குழாயில் இங்கேதான் பிடிபடும். அடியிலுள்ள மண் குளோரினைத் தின்றுவிடும், முனையில் அளவு சடாரென்று இறங்கியிருக்கும். அப்படி வந்தால் மேலும் குளோரின் ஊற்றாதீர்கள். குளோரின் நீரை முறித்து வெளியேற்றிவிட்டு, மறுபடி 0.9 மீட்டரில் அலசலிலிருந்து தொடங்குங்கள்.

அளவு சரியாக இருந்தால் குளோரின் நீரை வெளியேற்றி, விநியோக நீரின் அளவுக்கு மிச்சக் குளோரின் வரும்வரை மாற்றுங்கள். இந்த இரண்டாம் முறைக்கு நீர் மாறினால் போதும், வேகக் கணக்கு இல்லை. அப்புறம் கிருமிச் சோதனைக்கு இடைவெளி விட்டு இரண்டு முறை மாதிரி எடுத்து, இரண்டிலும் கோலிஃபார்ம் இல்லை என்று வந்த பிறகே பழைய குழாயோடு நிரந்தர இணைப்பைப் போட வேண்டும். அந்த இணைப்புத் துண்டை உள்ளே குளோரின் கரைசலால் துடைத்தபின் மாட்டுங்கள். மாட்டி முடித்ததும் முனையிலுள்ள 100 மி.மீ. வாயை இன்னொரு முறை திறந்து, இணைக்கும்போது விழுந்த மண் வெளியே வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள்.